நிலுவைக்கு வட்டி: எழுதாத நிபந்தனையின் விலை

இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானல் ஊராட்சியில், கொழுக்குமலைக்கு ஜீப்புகள் புறப்படும் சூரியநெல்லியில், பேச்சும் கணக்கும் பெரும்பாலும் தமிழில்தான் நடக்கின்றன. ஆனால் வியாபாரம் எல்லை தாண்டியது. மலைமேல் ஒப்படைக்கப்படும் பொருளுக்கான பணம் போடிமெட்டுக்குக் கீழேயிருந்து வரவேண்டியிருக்கும். அந்தப் பணம் குறித்த நாளில் வராதபோது அதற்கு வட்டி கேட்கலாமா, எவ்வளவு கேட்கலாம், எந்த நாளிலிருந்து கேட்கலாம் என்னும் கேள்விகளுக்கு விடை, பொருளை ஏற்றி அனுப்புவதற்கு முன்பே காகிதத்தில் இருக்க வேண்டும் என்பது நமது கருத்து. பெரும்பாலான சிறு தொழில்முனைவோர் அதை எழுதுவதில்லை. எழுதுபவர்களில் பலர் தவறாக எழுதுகிறார்கள்.

பொதுவாகக் காணப்படும் தவறு பில்லின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் ஒற்றை வரியாகும்: “தாமதமானால் 2% வட்டி வசூலிக்கப்படும்.” கடைத்தெருப் பேச்சில் ‘இரண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியின் மொழியில் வட்டி எப்போதும் ஆண்டு வீதம். இரண்டில் எது என்பதை அந்த வரி சொல்லவில்லை. எந்த நாளிலிருந்து என்றும் சொல்லவில்லை. தனி வட்டியா கூட்டு வட்டியா என்றும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பில் போய்ச் சேரும்போது பேரம் முடிந்து பொருளும் இறங்கியிருக்கும். அதன் பிறகு ஒரு தரப்பு மட்டும் அச்சிட்டு நீட்டும் நிபந்தனையை, தாம் ஒப்புக்கொண்டதே இல்லை என்று வாங்கியவர் சொல்ல இடமுண்டு. ஆகவே வட்டி நிபந்தனை முதலில் விலைப்புள்ளியிலும், வாங்குபவர் கையொப்பமிடும் கொள்முதல் ஆணையிலும் இடம்பெற வேண்டும். பில்லில் வருவது அதன் நினைவூட்டலாக மட்டுமே இருக்க வேண்டும்.

நிபந்தனை எதுவுமே எழுதாதவருக்கும் ஒரு சட்டம் துணை நிற்கிறது. அதைப் பற்றி நம் வாடிக்கையாளர்கள் பலர் பாதிதான் அறிந்திருக்கிறார்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, குறு மற்றும் சிறு தொழில்களிடமிருந்து பொருளோ சேவையோ பெற்றவர் எத்தனை நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. “நாற்பத்தைந்து நாள் சட்டம்” என்றே அது பேச்சில் வழங்குகிறது. அந்தப் பெயரே பாதித் தவறு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளே கெடு; ஆனால் அது பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. 90 நாள் என்று எழுதி வாங்கியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் அது செல்லாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் கெடு 45 நாள் அன்று, வெறும் 15 நாள்தான். வாய்மொழியாகப் பேசி வாங்கிய பெரிய நிறுவனத்துக்குத்தான் இங்கே கெடு குறைகிறது என்பதை அதன் கணக்குப் பிரிவு பல வேளைகளில் உணர்வதில்லை.

ஏற்றுக்கொண்ட நாள் என்பது பொருள் நேரில் ஒப்படைக்கப்பட்ட நாள். பொருளில் குறை இருந்தால் வாங்குபவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் விற்பவர் அந்தக் குறையைத் தீர்த்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகும். அவர் எதுவும் எழுதவில்லையென்றால் ஒப்படைத்த நாளே நிற்கும். எனவே ஒப்படைப்புச் சீட்டில் தேதியும், பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும், அவர் யார் என்னும் குறிப்பும் இன்றியமையாதவை. வட்டிக் கணக்கின் முதல் நாளை நிரூபிப்பது அந்தச் சீட்டுதான்.

இனி வீதம். அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தாமதமான தொகைக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதத்தின்’ மூன்று மடங்கில், மாத இடைவெளியில் கூட்டப்படும் கூட்டு வட்டி செலுத்த வேண்டும் என்கிறது. வங்கி விகிதம் என்பது ரெப்போ விகிதம் அன்று. உங்கள் கடனுக்கு நாங்கள் வசூலிக்கும் வட்டியும் அன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று அருகில் ஓடுவதால் குழப்பம் எளிதில் நேர்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து ஈராண்டுகள் வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்தது. 2025 பிப்ரவரியில் அது 6.50 ஆகவும், ஏப்ரலில் 6.25 ஆகவும், ஜூனில் 5.75 ஆகவும் குறைந்தது. ஆகவே 2024ஆம் ஆண்டு நிலுவைக்குச் சட்ட வட்டி ஆண்டுக்கு 20.25 சதவீதம். நிலுவைக் காலத்தின் நடுவே விகிதம் மாறியிருந்தால், அந்தந்தக் காலத்துக்கு அந்தந்த விகிதத்தைப் பிரித்துக் கணக்கிடுவதே வாதத்துக்கு இடம் தராத வழி.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். சூரியநெல்லியில், ஏலக்காய் உலர்த்தும் அறைகளுக்குப் புகைக்குழாய்களும் கம்பிவலைத் தட்டுகளும் செய்து தரும் ஒரு பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். போடிநாயக்கனூரில் அலுவலகம் உள்ள ஒரு தோட்ட நிறுவனத்துக்கு அது 2024 மார்ச் 1 அன்று, வரி உட்பட 2,00,000 ரூபாய்க்குப் பொருள் ஒப்படைத்தது. கொள்முதல் ஆணையில் கெடு 30 நாள். ஒப்படைத்த நாளை விட்டு எண்ணினால் கெடு மார்ச் 31 அன்று முடிகிறது. வட்டி ஏப்ரல் 1 முதல் ஓடத் தொடங்குகிறது. பணம் வந்தது செப்டம்பர் 30 அன்று. ஆறு முழு மாதத் தாமதம்.

ஆண்டுக்கு 20.25 சதவீதம் என்றால் மாதத்துக்கு 1.6875 சதவீதம். ஏப்ரல் மாத வட்டி 3,375 ரூபாய். மே மாதத்தில் வட்டி கணக்கிடப்படுவது 2,00,000 ரூபாய்க்கு அன்று, 2,03,375 ரூபாய்க்கு. எனவே அந்த மாத வட்டி 3,431.95 ரூபாய். ஜூன் இறுதியில் நிலுவை 2,10,296.82 ரூபாயாக உயர்கிறது. இப்படியே சென்று செப்டம்பர் இறுதியில் 2,21,123.76 ரூபாயை எட்டுகிறது. வட்டி மட்டும் 21,123.76 ரூபாய். இதைக் கணிப்பானில் ஒரே வரியில் சரிபார்க்கலாம்:

```
A = P × (1 + r/12)^n
A = 200000 × (1 + 0.2025/12)^6
```

ஒவ்வொரு மாதமும் பைசாவுக்கு முழுமையாக்கிச் சென்றால் ஓரிரு பைசா வேறுபடலாம். அதற்காக யாரும் சண்டையிட வேண்டியதில்லை. இதே காலத்துக்குத் தனி வட்டி 20,250 ரூபாய். கூட்டு வட்டியால் ஆறு மாதத்தில் கூடுவது 900 ரூபாய்க்கும் குறைவுதான். “கூட்டு வட்டி” என்னும் சொல்லைக் கேட்டு வாங்குபவர் பதறுவதும், அதைக் கேட்க விற்பவர் கூசுவதும் இந்த அளவுக்குத்தான் பொருளுடையவை. பாரம் முழுவதும் வங்கி விகிதத்தை மும்மடங்காக்கியதில் இருக்கிறது.

பணம் செப்டம்பர் 30க்குப் பதில் 12ஆம் தேதி வந்திருந்தால்? ஆகஸ்டு இறுதிவரை ஐந்து மாதத்துக்குக் கூட்டினால் 2,17,454.22 ரூபாய். அதன்மேல் 12 நாளுக்கு, 365 நாள் ஆண்டுக் கணக்கில், 1,447.71 ரூபாய். முழு மாதமாகாத நாள்களை இப்படித்தான் சேர்க்கிறோம். முழு மாத வட்டியையும் கேட்பது நியாயமாகாது. முந்நூற்று அறுபதா, முந்நூற்று அறுபத்தைந்தா என்பதை நிபந்தனையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நடைமுறையில் பணம் ஒரே தடவையில் வருவதில்லை. அந்த நிறுவனம் ஜூன் 30 அன்று ஒரு லட்சம் அனுப்பியது என்று கொள்வோம். 2,10,296.82 ரூபாயில் அது கழிய, 1,10,296.82 ரூபாய் நிற்கும். அதன்மேல் மூன்று மாத வட்டி சேர்ந்து செப்டம்பர் இறுதியில் 1,15,975.36 ரூபாய் வரவேண்டும். ஆனால் வாங்கியவரின் கணக்கேட்டில் அன்று நிலுவை ஒரு லட்சம் மட்டுமே. அவர் வட்டியைப் பதிவு செய்வதே இல்லை. இரண்டு ஏடுகளும் பிரியும் இடம் இதுதான். பகுதித் தொகை வந்த அன்றே, அதை முதலில் வட்டிக்கும் பிறகு அசலுக்கும் வரவு வைத்ததாக ஒரு கடிதம் அனுப்பிவிட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது இந்த வரிசையே பொது விதி.

இங்கே ஓர் எச்சரிக்கை. இறுதித் தவணையைத் தரும்போது, “கணக்கு முழுவதும் தீர்ந்தது, இனிக் கோரிக்கை எதுவுமில்லை” என்று எழுதிய சீட்டில் கையொப்பம் கேட்பது சில அலுவலகங்களின் வழக்கம். ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, தமக்குரியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அந்தக் கையொப்பம் அவ்வாறு விட்டுக்கொடுத்ததாகவே படிக்கப்படலாம். அசல் வந்த மகிழ்ச்சியில் கையொப்பமிட்டவர் 21,000 ரூபாயை அங்கேயே இழக்கிறார். “அசல் தொகை பெறப்பட்டது, வட்டி நிலுவையில் உள்ளது” என்று எழுதித் தருவதில் யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. உறவு கருதி வட்டியை விட்டுவிட விரும்பினால் தாராளமாக விடலாம். ஆனால் தொகையைக் கணக்கிட்டு, கடிதத்தில் காட்டி, அதன்பின் விடுங்கள். விடப்பட்டது எவ்வளவு என்று இரு தரப்புக்கும் தெரியட்டும்.

வாடிக்கையாளரின் முகம் சுளிக்குமே என்னும் தயக்கத்தை நாம் அறியாமல் இல்லை. ஆனால் அதே ஆறு மாதம் அந்தப் பட்டறை, இரும்புத் தகடு வாங்க எடுத்த ரொக்கக் கடனுக்கு எங்களுக்கு வட்டி செலுத்திக்கொண்டுதான் இருந்தது. மேலும் ஒன்று: ரொக்கக் கடனில் எடுக்கக்கூடிய தொகையை, கையிருப்புச் சரக்கையும் வரவேண்டிய பில்களையும் கொண்டு வங்கி மாதந்தோறும் கணிக்கிறது. வழக்கமாக 90 நாளுக்கு மேற்பட்ட பில்கள் அந்தக் கணிப்பில் சேர்வதில்லை. அந்த 2 லட்சம் வராததோடு நிற்கவில்லை; வங்கியிடம் எடுக்கக்கூடிய வரம்பையும் அது குறைத்தது. தாமத வட்டி என்பது தண்டனை என்று நினைப்பவர்கள், விற்பவர் ஏற்கெனவே செலுத்திவிட்ட விலையை மறந்துவிடுகிறார்கள்.

எனவே அந்தப் பட்டறையின் கொள்முதல் ஆணையில் எழுதத்தக்க வாசகம் இப்படி அமையலாம்:

“பொருள் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் வரி உட்பட முழுத் தொகையும் எங்கள் வங்கிக் கணக்கில் வரவாக வேண்டும். அவ்வாறு வராத தொகைக்கு, கெடு முடிந்த மறுநாள் முதல் தொகை வரவாகும் நாள் வரை, குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன் 16ஆம் பிரிவின்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு ஆண்டு வீதத்தில், மாதந்தோறும் கூட்டப்படும் கூட்டு வட்டி செலுத்தப்பட வேண்டும். முழு மாதமாகாத நாள்களுக்கு 365 நாள் ஆண்டுக் கணக்கு பொருந்தும். பகுதித் தொகைகள் முதலில் வட்டிக்கும் பின்னர் அசலுக்கும் வரவு வைக்கப்படும். பொருளில் குறை இருப்பின் ஒப்படைத்த 15 நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.”

இதன் கீழே உத்யம் பதிவு எண் இருக்க வேண்டும். ஆணையில் வாங்குபவர் 12 சதவீதம் என்று குறைத்து எழுதி வாங்கினாலும் சட்ட வட்டியே மேலோங்கும். 16ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதைக் கடந்து நிற்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்லாருக்கும் உரியதன்று. குறு மற்றும் சிறு தொழில்களுக்கு மட்டுமே உண்டு. நடுத்தரத் தொழில்களுக்கு இல்லை. 2021 முதல் மொத்த, சில்லறை வியாபாரிகளும் உத்யம் பதிவு பெறலாம் என்றாலும், அது முன்னுரிமைத் துறைக் கடனுக்காக மட்டுமே. தாமத வட்டிக்கு அன்று.

பதிவை எப்போது செய்ய வேண்டும் என்பதற்கும், கோரிக்கையை எப்போது எழுப்ப வேண்டும் என்பதற்கும் கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கு பாடமாக இருக்கிறது. சில்பி இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனம் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு டயர் புதுப்பிக்கும் ரப்பர் வழங்கியது. விலையில் 90 சதவீதம் பொருள் வந்ததும், எஞ்சிய 10 சதவீதம் செயல்திறன் அறிக்கைக்குப் பிறகும் என்பது ஏற்பாடு. அந்த எஞ்சிய பங்கு பற்றியதே வழக்கு. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின்கீழ் நடக்கும் நடுவர் தீர்ப்புக்கும் காலவரையறைச் சட்டம் பொருந்தும் என்று தீர்த்தது. வாங்குபவர் எதிர்க்கோரிக்கை எழுப்பலாம் என்றும் ஏற்றது. அதாவது கெடு முடிந்து மூன்று ஆண்டு கடந்த பழைய பில்லைத் தூசுதட்டி வட்டியோடு கேட்க முடியாது. ஒப்பந்தம் ஆன பிறகு பெற்ற பதிவு, முன்னரே வழங்கிய பொருளுக்குப் பயன் தராது என்றும் அதே தீர்ப்பு கூறியது. பதிவு பற்றிய இந்தக் கேள்வியை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. விடை எதுவாயினும் ஆணை பெறும் முன்பே பதிவு பெற்றவருக்குக் கவலையில்லை.

மலையோரத்தில் இருப்பவர்களுக்குச் சாதகமான ஒரு விதியும் உண்டு. பணம் தர வேண்டியவர் போடியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், விற்பவர் இருக்கும் இடத்துக்குரிய வசதியாக்க மன்றமே கோரிக்கையை விசாரிக்கலாம். சூரியநெல்லிப் பட்டறை கேரளத்து மன்றத்தையே நாடலாம்; வழக்குக்காக மலை இறங்கத் தேவையில்லை. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வாங்குபவர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். அவர் செலுத்தும் இந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் இயலாது. இவற்றை மிரட்டலாகச் சொல்லாமல், நினைவூட்டுக் கடிதத்தில் ஒரு வரியாகக் குறிப்பிட்டாலே பல கணக்குப் பிரிவுகள் விழித்துக்கொள்ளும்.

சட்டத்தின் இந்தக் குடைக்கு வெளியே நிற்பவர்களின் நிலை வேறு. தோட்டத்தில் விளைந்ததை வியாபாரியிடம் நேரடியாகக் கடனுக்கு விற்கும் விவசாயியும், வாங்கி விற்கும் வியாபாரியும் தம் ஒப்பந்தத்தையே நம்ப வேண்டும். வட்டிச் சட்டம், 1978-இன்படி, எழுத்தாவணத்தின் வழியே குறித்த நாளில் தரவேண்டிய கடனுக்கு அந்த நாளிலிருந்தே நீதிமன்றம் வட்டி வழங்கலாம். அத்தகைய ஆவணம் இல்லையென்றால், வட்டி கோரி எழுத்தில் அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்துதான். ஆறு மாதம் தொலைபேசியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த ஆறு மாத வட்டி கைநழுவக்கூடும். இவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது, “கெடு முடிந்த மறுநாள் முதல் ஆண்டுக்கு 18 சதவீதத் தனி வட்டி” என்பதுபோன்ற தெளிவான, மிதமான வரி. 36, 48 என்று எழுதினால் வாங்குபவர் அஞ்சுவார் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, தவறிய நாளிலிருந்து கூடுதல் வட்டி என்னும் நிபந்தனை அபராதமாகக் கருதப்படலாம் என்கிறது. அப்படிக் கருதப்பட்டால் நீதிமன்றம் நியாயமென்று கருதும் அளவே கிடைக்கும். விற்பவர் தாம் வங்கியில் கடனுக்குத் தரும் வட்டிக்குச் சற்று மேலே நிற்கும் வீதத்தை, காரணம் காட்டிக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, வட்டி கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில், தாமதத்துக்காகப் பெறும் வட்டியும் விற்ற பொருளின் மதிப்பில் சேர்கிறது. பொருளுக்குரிய அதே வீதத்தில் அதற்கும் வரி உண்டு. அந்த வரிப் பொறுப்பு வட்டியைப் பெற்ற நாளில்தான் எழுகிறது. கேட்ட நாளில் அன்று. ஆகவே வட்டிக்கெனத் தனியாகப் பற்றுக் குறிப்பு எழுதும்போது, எந்தப் பில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வீதம், ஒவ்வொரு மாத இறுதியிலும் எவ்வளவு என்று அட்டவணையாகக் காட்டி, வரியையும் அதிலேயே தனி வரியாகக் காட்டிவிட வேண்டும்.